காப்பி பார்க்க 275, நியாயம் கேட்க 505: தப்பு யாருடையது, காசு யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் முழுசாகப் படியுங்கள். இல்லாதவர்களும் படியுங்கள், அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளையாவது இருக்கும்.

ஒவ்வொரு மே மாதமும் முடிவு வந்த சாயங்காலமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், பாப்பாவுக்கு பிசிக்ஸ்ல இவ்வளவு கம்மியா வர வாய்ப்பே இல்லைங்க. ரீவேல்யுவேஷன் போட்டுடலாமுங்களா?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர், நான் விவரம் சொன்னதும் சோர்ந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் கேட்கும்போதே தேதி முடிந்து போயிருக்கும். இந்த இரண்டு கூட்டமும் ஏன் உண்டாகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை நம் கையில் சேரவிடாமல் செய்வது கட்டணமும் காலக்கெடுவும். இது யாரோ ஒரு அதிகாரியின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது, விதியை மாற்ற வேண்டும் என்கிறேன்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் சண்டை போட்டுப் பயனில்லை.

பிளஸ் டூ விடைத்தாள் விஷயம் எல்லாம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கையில். மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் நேராக மறுமதிப்பீடு கேட்க முடியாது. முதல் படி விடைத்தாள் நகல் கேட்பது. அதற்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய். படித்த பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும், தனித்தேர்வர்கள் தேர்வு எழுதிய மையம் மூலமாக. பணம் கட்டியதும் ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டில் ஒரு விண்ணப்ப எண் இருக்கும். அதைத் தொலைத்துவிடாதீர்கள். பின்னால் இணையதளத்தில் நகலை இறக்குவதற்கும், கடைசியில் முடிவு பார்ப்பதற்கும் அந்த எண்தான் கேட்பார்கள்.

சில நாள் கழித்து இயக்ககம் அறிவிக்கும் தேதியில் `www.dge.tn.gov.in` தளத்தில் நகலை இறக்கிக்கொள்ளலாம். அதைப் பார்த்த பிறகுதான் இரண்டாம் படி. கூட்டலில் மட்டும் பிழை என்றால் மறுகூட்டல். அதற்கு உயிரியலுக்கு 305 ரூபாய், மற்ற பாடங்களுக்கு 205 ரூபாய். உயிரியலுக்கு மட்டும் ஏன் நூறு ரூபாய் அதிகம் என்று கேட்பீர்கள். அதில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பகுதி இருக்கிறது. விடையே சரியாகத் திருத்தப்படவில்லை என்றால் மறுமதிப்பீடு, பாடம் ஒன்றுக்கு 505 ரூபாய். இரண்டாம் படிக்கு, தளத்திலிருந்து விண்ணப்பப் படிவத்தை இறக்கிப் பூர்த்தி செய்து, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பணத்தோடு கொடுக்க வேண்டும்.

நகல் வாங்காதவர்கள் இரண்டாம் படிக்கு வரவே முடியாது. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "காப்பி எதுக்கு, நேரா ரீவேல்யுவேஷனே போட்டுக்கலாம்" என்று காத்திருந்துவிட்டு, முதல் படியின் தேதி போன பிறகு வந்து நிற்கிறார்கள்.

இப்போது தேதிக்கு வருவோம். 2025-ஐ எடுத்துக்கொள்வோம். மே 8 வியாழக்கிழமை முடிவு வந்தது. நகலுக்கு விண்ணப்பிக்க மே 13 செவ்வாய் காலை 11 மணி முதல் மே 17 சனி மாலை 5 மணி வரை நேரம். ஆக ஐந்து நாள். இந்த ஐந்து நாளுக்குள் பிள்ளை முடிவு பார்த்த அதிர்ச்சியிலிருந்து எழுந்து, எந்தப் பாடத்தில் சந்தேகம் என்று தீர்மானித்து, வீட்டில் பணம் புரட்டி, பள்ளிக்குப் போய், அலுவலகத்தில் ஆள் இருக்கும் நேரம் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

நம்ம ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிற அப்பா அந்த வாரம் லைனுக்குப் போய் மும்பையிலோ அகமதாபாத்திலோ இருப்பார். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுகிற வீட்டில் கூலி வாரக் கடைசியில்தான் கைக்கு வரும். சனிக்கிழமை கூலி வாங்கி வீட்டுக்கு வருவதற்குள் மணி ஐந்து தாண்டிவிடும். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக்காட்டு வேலைக்குப் போகிற வீட்டிலும் இதே கதைதான். விடுதிப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் பள்ளி ஒரு மாவட்டத்தில், வீடு இன்னொரு மாவட்டத்தில். பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பம் என்பதால் அந்த ஒரு கையெழுத்துக்காக மறுபடி பஸ் ஏற வேண்டும். ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) "கிளார்க் லீவு, நாளைக்கு வாங்க" என்று சொன்ன அந்த நாளைதான் கடைசி நாளாக இருந்தது. அந்தப் பிள்ளை மறுநாள் மதியம் போய் எப்படியோ போட்டுவிட்டாள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

ஐந்து நாள் என்பது சென்னையில் இன்டர்நெட்டும் கையில் பணமும் உள்ள வீட்டுக்குப் போதும். நம்ம சீமைக்குப் போதாது. ஒரே விதி எல்லோருக்கும் சமம் என்று பேப்பரில் எழுதலாம், பஸ்ஸில் போகிறவனுக்கு அது சமமில்லை.

சரி, விடைத்தாளில் அப்படி என்னதான் தப்பு வந்துவிடும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் பல வருடம் திருத்தும் முகாமுக்குப் போனவன். காலையில் 12 விடைத்தாள், மதியம் 12 என்று கட்டு வரும். உதவித் தேர்வாளர் திருத்துவார், கூர்ந்தாய்வு அலுவலர் விட்டுப்போனது உண்டா, கூட்டல் சரியா என்று பார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் சிலவற்றை எடுத்து மறுபடி பார்ப்பார். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏப்ரல் வெயில், மின்விசிறி ஓடாத அறை, மாணவர் கேள்வி வரிசையை மாற்றி எழுதியது, ஒரு விடை பாதி இங்கே, மீதி நாலு பக்கம் தள்ளி என்று கிடப்பது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் திரும்புவது எல்லாம் அங்கே உண்டு. நல்ல ஆசிரியர்கள் உட்கார்ந்து திருத்தும் இடத்திலேயே இது நடக்கும். லட்சக்கணக்கான தாள் திருத்தும் எந்த இடத்திலும் நடக்கும்.

சந்தேகமா? 2018-ல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு மறுமதிப்பீட்டுக்கு வந்த 9,111 விண்ணப்பங்களில் 4,632-ல் பிழை இருந்தது என்று அப்போது எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. பாதிக்கு மேல். விண்ணப்பித்தவர்கள் சந்தேகம் உள்ளவர்கள் என்பதால் இந்த விகிதத்தை எல்லா விடைத்தாளுக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் சந்தேகப்பட்டுக் கேட்டவர்களில் இரண்டில் ஒருவர் கேட்டது நியாயம் என்று ஆகிறதல்லவா? "பிள்ளைங்க சும்மா கேக்குதுங்க" என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் இயற்பியல் வாத்தியார், கணக்கில்லாமல் எனக்கு வராது.

கற்பனைக்கு ஒரு பிள்ளை. திருச்செங்கோட்டுப் பக்கம், தறி வீடு. பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கவிதாவுக்கு எழுத்துத் தேர்வில் 51, மற்ற இரண்டிலும் முழு மதிப்பெண். ஆக 81 என்று வருகிறது. எதிர்பார்த்தது 86, 87. கணிதத்தில் 92, வேதியியலில் 88. பொறியியல் கட்ஆஃப் எப்படிப் போடுவார்கள்? கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 92 கூட்டல் 40.5 கூட்டல் 44, மொத்தம் 176.5.

கவிதா 275 ரூபாய் கட்டி இயற்பியல் நகலை வாங்குகிறாள். எங்கே பார்க்க வேண்டும்? முதலில் முகப்புத் தாளில் கேள்வி எண் வாரியாகப் போட்ட மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, உள்ளே ஒவ்வொரு விடைக்கும் போட்ட மதிப்பெண்ணோடு ஒன்றுக்கொன்று ஒப்பிட வேண்டும். பிறகு பகுதி வாரியாகக் கூட்ட வேண்டும். இயற்பியல் என்றால் ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் 6 கேள்விக்கு 12, மூன்று மதிப்பெண்ணில் 6 கேள்விக்கு 18, ஐந்து மதிப்பெண்ணில் 5 கேள்விக்கு 25. கூட்டினால் 70. இந்தச் சட்டகத்தை ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டால் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று கண்ணில் படும். அதற்கப்புறம் பக்கம் பக்கமாகத் திருப்பிச் சிவப்பு மையே படாத பக்கம் எது என்று பார்க்க வேண்டும். கடைசியாகத்தான், மதிப்பெண் போட்ட விடைகளை விடைக்குறிப்போடு வைத்துப் பார்ப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பலர் நேராகக் கடைசி வேலைக்குப் போய், "இதுக்கு ஒரு மார்க் கூடப் போட்டிருக்கலாம்" என்று அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண்ணாகப் பொறுக்கி ஏமாந்து போகிறார்கள். அந்த மாதிரி அபிப்பிராய மதிப்பெண்கள் மறுமதிப்பீட்டில் ஏறும் என்று நம்பி 505 கட்டாதீர்கள். விட்டுப்போன விடையும், குறிப்பில் தெளிவாக உள்ள படிக்கு மதிப்பெண் போடாததும்தான் வலுவான காரணம்.

கவிதாவின் தாளில் ஐந்து மதிப்பெண் பகுதியில் ஒரு கேள்விக்கான விடை கடைசிப் பக்கங்களில் இருக்கிறது, சிவப்பு மை ஒரு புள்ளி கூட இல்லை. அவள் எழுதிய விடை சரி. ஐந்தும் வந்தால் எழுத்துத் தேர்வு 56, மொத்தம் 86. கட்ஆஃப் 92 கூட்டல் 43 கூட்டல் 44, அதாவது 179. இரண்டரை மதிப்பெண் வித்தியாசம். பொறியியல் கலந்தாய்வில் இந்த இரண்டரைக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். அரசுப் பொறியியல் கல்லூரியில் அவள் கேட்ட பிரிவு கிடைப்பதும், வருடத்துக்கு எத்தனையோ ஆயிரம் கட்டித் தனியார் கல்லூரிக்குப் போவதும் அந்த இடைவெளியில் தீர்மானமாகலாம்.

இப்போது கவிதா வீட்டுச் செலவு. நகலுக்கு 275, மறுமதிப்பீட்டுக்கு 505, ஆக 780. எந்தப் பாடத்தில் தப்பு என்று முன்கூட்டியே தெரியாதல்லவா? மூன்று பாடத்துக்கும் நகல் வாங்கினால் 825, அதில் ஒன்றுக்கு மறுமதிப்பீடு 505, ஆக 1,330. நாமக்கல் அலுவலகத்துக்கு அப்பாவும் பிள்ளையும் போய்வர பஸ் செலவு, அன்றைய கூலி போனது தனி. மறுமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 780 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்ப வருமா? வராது.

இதுதான் என் கோபம். விடையைத் திருத்தாமல் விட்டது திருத்திய ஏற்பாட்டின் தப்பு. பிள்ளை சரியாக எழுதினாள். தப்பு செய்தவர் ஒருவர், அதைக் கண்டுபிடித்த கூலியும் கட்டணமும் தப்பு செய்யாதவர் தலையில். மளிகைக் கடையில் எடைக்கல் தப்பாக இருந்து கால் கிலோ சர்க்கரை குறைந்தால், "மறுபடி நிறுக்கணுமா, ஐந்நூறு எடு" என்று கடைக்காரர் கேட்டால் விடுவோமா?

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் கட்ட வேண்டாம் என்றால் எல்லாப் பிள்ளையும் எல்லாப் பாடத்துக்கும் போடும், முகாம் மறுபடி ஒரு மாதம் நடத்த வேண்டி வரும் என்று சக ஆசிரியர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் முன்பணம். ஆனால் சந்தேகம் நியாயம் என்று நிரூபணமானால் முன்பணத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டியதுதானே? பக்கத்தில் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. மறுமதிப்பீட்டில் கிரேடு உயர்ந்தால் கட்டிய பணம் திரும்பி வருகிறது. வாளையாறு தாண்டினால் முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது?

அடுத்து அந்த 275. இதைத்தான் என்னால் சகிக்கவே முடியவில்லை. மறுமதிப்பீட்டுக்கு ஒரு ஆசிரியர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், அதற்குக் காசு கேட்பதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. நகல் என்ன? தாளை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றுகிறார்கள். இறக்குவதும் அச்செடுப்பதும் நாம், நம் செலவில். இதற்கு 275 ரூபாய் என்பது எந்தக் கணக்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1984-ல் மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம், விதியில் இடமில்லாவிட்டால் மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதனால் மறுமதிப்பீடு என்பது வாரியம் எழுதும் விதியைப் பொறுத்தது. ஆனால் விடைத்தாளைப் பார்ப்பது வேறு விஷயம். 2011 ஆகஸ்ட் 9-ல் சி.பி.எஸ்.இ.-க்கும் ஆதித்யா பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் நடந்த வழக்கில், திருத்திய விடைத்தாள் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 'தகவல்', எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திருத்தியவரின் பெயர் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

2019 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. கம்பெனி செக்ரட்டரி படிப்பு நடத்தும் நிறுவனம் விடைத்தாள் நகலுக்கு 500 ரூபாய் கேட்டது. மாணவர் தகவல் உரிமைச் சட்டக் கட்டணம்தான் கட்டுவேன் என்றார். உச்ச நீதிமன்றம், இரண்டு வழியும் இருக்கிறது, எதில் போவது என்பது மாணவர் விருப்பம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று முடித்தது. நம் மாநிலத்தில் அந்தக் கட்டணம் மனுவுக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். விடைத்தாள் நாற்பது பக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 80 ரூபாய். மனுவோடு 90. அச்சடித்துக் கையில் கொடுப்பதற்கே 90 ரூபாய் என்றால், கம்ப்யூட்டரில் நாமே இறக்கிக்கொள்வதற்கு 275 எப்படி?

"அப்படியானால் சார், ஆர்.டி.ஐ.யிலேயே கேட்டுக்கலாமே" என்பீர்கள். இங்கேதான் காலக்கெடு மறுபடி வந்து கழுத்தைப் பிடிக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம். மே 8 முடிவு வந்த அன்றே மனு போட்டாலும் ஜூன் 7 வரை அவர்கள் காத்திருக்கலாம். அதற்குள் மறுமதிப்பீட்டுக்கான தேதி முடிந்திருக்கும். போதாததற்கு, நகலுக்கான விண்ணப்பத்தை அவர்கள் வழியில் போடாதவருக்கு இரண்டாம் படி கிடையாது. ஆக 90 ரூபாய் வழியில் போனவர் தன் விடை திருத்தப்படவில்லை என்று ஆதாரத்தோடு தெரிந்துகொள்வார், ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பூட்டுக்குச் சாவி கொடுத்துவிட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போன கதை.

கட்டணம் கட்டிய பிறகும் ஒரு கொடுமை இருக்கிறது. முடிவு வரும்போது மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண் பட்டியலை மட்டும் தளத்தில் போடுவார்கள். பட்டியலில் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். 505 ரூபாய் கட்டியவருக்கு "உன் 37-ஆம் கேள்வியைப் பார்த்தோம், இன்ன காரணத்தால் மதிப்பெண் இல்லை" என்று ஒரு வரி கிடையாது. கூரியரில் அனுப்பிய பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று போனில் தெரிகிற காலத்தில் இந்த மௌனம் நியாயமா?

இங்கே சிலர் ஒரு வாதம் வைப்பார்கள். மறுமதிப்பீட்டைச் சுலபமாக்கினால் ஊழல் வரும், அண்ணா பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்று தெரியாதா என்பார்கள். தெரியும். 2017 ஏப்ரல், மே தேர்வுக்குப் பிறகு 3,02,380 பேர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள், அதில் 73,733 பேர் தேர்ச்சி பெற்றார்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள் என்ற புகாரில் 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. ஆனால் அந்தப் புகார் எதைப் பற்றியது? மறுமதிப்பீடு மூடிய அறைக்குள் நடந்ததைப் பற்றியது. யார் தாள் யாரிடம் போனது, எந்த விடைக்கு ஏன் ஏறியது என்று வெளியே தெரியாத இடத்தில்தான் அப்படி நடக்க முடியும். கட்டணம் அங்கேயும் இருந்தது, அது எதையும் தடுக்கவில்லை. ஒவ்வொரு மாணவர் கையிலும் திருத்திய தாளும், மாற்றத்துக்கான காரணமும் போய்ச் சேர்ந்தால் ஊழலுக்குத்தான் இடம் குறையும்.

என் கோரிக்கை மூன்றுதான். நகலுக்கு ஆர்.டி.ஐ. கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது, இணையத்தில் இறக்குவதென்றால் இலவசமாகவே தரலாம். மறுமதிப்பீட்டுக் காலக்கெடு நகல் தளத்தில் ஏறிய நாளிலிருந்து குறைந்தது பத்து நாள் இருக்க வேண்டும், முதல் படிக்கும் பத்து நாள் வேண்டும். மதிப்பெண் உயர்ந்தால் நகல், மறுமதிப்பீடு இரண்டின் கட்டணமும் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். உதவித்தொகை போடுவதற்காக அந்தக் கணக்கு எண் பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒரு படிவமும் தேவையில்லை.

விதி மாறும் வரை நாம் என்ன செய்வது? முடிவு வந்த அன்றே சந்தேகம் உள்ள பாடத்துக்கு நகலுக்கான பணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். விண்ணப்பம் திறக்கும் முதல் நாளே பள்ளிக்குப் போங்கள், கடைசி நாளை நம்பாதீர்கள். ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள், தொலையாது. தேர்ச்சி பெறாத பிள்ளை மறுமதிப்பீட்டை நம்பித் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. துணைத்தேர்வுத் தேதி மறுமதிப்பீட்டு முடிவுக்குக் காத்திருக்காது. இரண்டையும் போடுங்கள். கலந்தாய்வுப் பதிவையும் பழைய மதிப்பெண்ணோடே செய்துவிடுங்கள், மாற்றம் வந்தால் பிறகு திருத்திக்கொள்ள வழி கேட்கலாம்.

என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருப்பவர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் நாற்பது பேருக்குக் குறையாது. உங்களுக்குத் தனியாக ஒன்று. நகல் தளத்தில் ஏறும் வாரத்தில் தினம் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உங்கள் பள்ளியில் உட்காருங்கள். பிள்ளைகள் தாளைக் கொண்டு வரட்டும். நான் மேலே சொன்ன வரிசையில் பார்த்து, 505 கட்டலாமா வேண்டாமா என்று நேர்மையாகச் சொல்லுங்கள். "வேண்டாம் கண்ணு, மார்க் சரியாத்தான் போட்டிருக்காங்க" என்று சொல்வதும் அந்த வீட்டுக்கு 505 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுப்பதுதான்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மேலே சொன்ன மூன்று கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதி, அரசுத் தேர்வுகள் இயக்குநருக்கு என்று முகவரியிட்டு, அங்கே கொடுத்து ரசீது வாங்குங்கள். நான் வருகிற திங்கட்கிழமை நாமக்கல்லில் கொடுக்கிறேன். சேலத்தில் கொடுக்க முடிகிறவர்கள் கீழே கமெண்ட்டில் பெயர் போடுங்கள், மனுவின் வாசகத்தை அனுப்பி வைக்கிறேன். கட்டணம் கட்டி மதிப்பெண் உயர்ந்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் பாடம், பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், கட்டிய தொகை, இந்த நாலு விவரத்தை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பெயர் வேண்டாம். மனுவோடு அந்தப் பட்டியலையும் இணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இயற்பியல் வாத்தியார்